தூக்க ஒரு துணி, தொட ஒரு துணி

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் தெருவில் ஓர் ஆச்சி. மகள் தலைப்பேறுக்கு வந்து, குழந்தையும் பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நாளை வீட்டுக்கு வருகிறார்கள் என்றதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய நூல் சேலைகளை எல்லாம் திண்ணையில் பரப்பிவிட்டார். தொட்டில் கட்ட வேண்டும். அதற்குச் சேலை பார்க்கிறார்.

மகள் தொட்டிலுக்கென்றே புதிதாக ஒரு காட்டன் சேலை வாங்கி வைத்திருந்தாள். போனிலேயே அதைச் சொன்னாள். ஆச்சி எடுத்துத் தடவிப் பார்த்தார். "நல்ல சேலதாம்ளா. நீ உடுத்து. பிள்ளைக்கு இப்போ ஆகாது" என்று மடித்து வைத்துவிட்டார். பல வீடுகளில் பிறந்த குழந்தைக்குக் கொஞ்ச நாளைக்குப் புதுத்துணி போடுவதில்லை. அந்த வழக்கத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். கேட்டபோது அவர் சொன்ன காரணம் வேறு. "கஞ்சி இன்னும் போகல. தொட்டா காகிதம் மாதிரி சத்தம் போடுது பாரு."

அந்தக் கஞ்சி தறியிலிருந்தே வருவது. சேலையின் நீளவாக்கில் ஓடும் பாவு நூல், தறியில் விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் புகுந்து ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். வெறும் நூலாக இருந்தால் பிசிறு கிளம்பி அறுந்துவிடும். அதனால்தான் நெசவாளர் தெருக்களில் காலையிலேயே பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி தடவுகிறார்கள். மாவுப்பசை நூலின் இழைகளை ஒன்றோடொன்று ஒட்டி விறைப்பாக்கும். நெய்து முடித்தபின் கடையில் எடுப்பாகத் தெரிய மேலும் கஞ்சி ஏறுவதுண்டு. வாங்கிய பிறகு நாமும் ஒவ்வொரு துவைப்புக்கும் கஞ்சி போடுகிறோம். உடுத்துகிறவருக்கு அது மிடுக்கு. பிறந்து நாலு நாளான குழந்தைக்கோ அது உரசல். பச்சிளம் குழந்தையின் தோலில் மேலடுக்கு பெரியவர்களுடையதைவிட மெல்லியது. ஈரத்தில் ஊறிய தோல் விறைத்த துணியில் உரசினால் கழுத்து மடிப்பிலும் தொடையிடுக்கிலும் சீக்கிரம் சிவந்துவிடும்.

பழைய துணி மெத்தென்று ஆவதற்குக் கஞ்சி போவது பாதிக் காரணம்தான். பஞ்சின் இழை தண்ணீரில் உப்பும், காயும்போது சுருங்கும். வருடக்கணக்கில் இப்படி நனைந்து காய்ந்து, அடித்துத் துவைத்து, பிழிந்து உதறியதில் நூலின் முறுக்கும் நெசவின் பிடியும் நெகிழ்கின்றன. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகள் ஒடிந்து உதிர்கின்றன. சாயத்தில் போக வேண்டியதும் போயிருக்கும். குழந்தை துணியின் விளிம்பை வாயில் வைத்துச் சப்பினாலும் நிறம் இறங்காது.

ஆச்சி இன்னொன்றையும் செய்துகாட்டினார். புதுச்சேலையிலும் பழசிலும் விரல் நுனியால் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் வைத்தார். புதுசில் சொட்டு முத்துப்போல் கொஞ்ச நேரம் நின்றது. பழசில் வைத்ததுமே பரவிக் காணாமல் போனது. புது நூலில் பஞ்சுக்கு இயல்பாக உள்ள மெழுகும் ஆலையில் ஏற்றிய பூச்சும் மிச்சம் இருக்கலாம். பலமுறை துவைத்த துணி ஈரத்தை உடனே குடிக்கும். முதல் வாரம் கடந்த குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போகும். அது துணியின் மேல் தேங்காமல் இறங்கிப் போக வேண்டும் என்பது ஆச்சியின் கணக்கு.

பெட்டியிலிருந்த பாலியெஸ்டர் கலந்த சேலைகளை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஈரம் குடிக்காது, முடிச்சு வழுக்கும். ஜரிகைக் கரை வைத்ததும் அப்படியே ஒதுங்கியது.

மிஞ்சியவற்றில் மிக மிருதுவானது மாம்பழ நிறத்தில் ஒரு சேலை. மகளின் மாமியார் வீட்டிலிருந்து கொடுத்துவிட்டது, நாலைந்து வருடமாக அலமாரியிலேயே இருந்தது. எனக்கு அதுதான் சரியென்று பட்டது. ஆச்சி முகத்தருகே கொண்டுபோனார், உடனே கையை நீட்டித் தள்ளி வைத்தார். "அந்துருண்டை. மூக்குல ஒறைக்கிற வாசம் பிள்ளைக்கு ஆகவே ஆகாது. இத வீட்டுக்குள்ளயே வைக்காத."

வாசம் பிடிக்காமல் சொல்வதாகத் தோன்றலாம். ஆனால் அன்று அவர் சொன்னவற்றில் எல்லாரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அந்துருண்டை, பாச்சை உருண்டை, ரசகற்பூரம் என்றெல்லாம் நாம் சொல்லும் வெள்ளை உருண்டை பெரும்பாலும் நாப்தலீன். அது தண்ணீராக உருகாமல் நேராக ஆவியாகித் துணியின் இழைகளுக்குள் ஏறி உட்காரும். அந்தத் துணியில் கிடக்கும் குழந்தை அதை மூச்சிலும் இழுக்கும், தோல் வழியாகவும் வாங்கும். எண்ணெய் தேய்த்த உடம்பில் அது இன்னும் எளிதாக இறங்கும். நம் வீடுகளில் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்காத நாள் அரிது.

உடம்புக்குள் போன நாப்தலீன் உருமாறி, ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும் பொருளாகிறது. அந்தத் தாக்குதலைத் தாங்கச் சிவப்பணுவுக்கு ஜி6பிடி என்றொரு நொதி வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு. அப்படிப்பட்ட குழந்தையின் சிவப்பணுக்கள் கொத்துக் கொத்தாக உடையும், உடைந்ததிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் பெருகும். பச்சிளம் குழந்தையின் கல்லீரலுக்கு அதை வெளியேற்றும் திறன் இன்னும் வந்திருக்காது. மஞ்சள் காமாலை முற்றினால் மூளையையே பாதிக்கும். அந்துருண்டை போட்டு வைத்திருந்த துணியாலும் போர்வையாலும் குழந்தைகளுக்கு இப்படி நேர்ந்ததை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகவே பதிவு செய்து வருகிறார்கள். குழந்தைக்கு அந்த நொதி குறைவா இல்லையா என்பது ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

பிறந்த குழந்தைகள் பலருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் லேசான மஞ்சள் வருவதும் தானாக வடிவதும் வழக்கம். ஆனால் பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலோ, வயிறு தாண்டிக் கை காலுக்கு இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மூத்திரம் அடர்நிறமாகப் போனாலோ வெயிலில் காட்டிப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும், வீட்டில் அந்துருண்டை இருந்ததையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

நாப்தலீன் தண்ணீரில் கரைவது மிகச் சொற்பம். ஒருமுறை அலசினால் போய்விடும் என்று நம்ப முடியாது. ஆச்சியின் பெட்டியில் காய்ந்த வேப்பிலையும் நொச்சியிலையும்தான். கஞ்சி போட்ட சேலையை அவர் பெட்டியில் வைப்பதே இல்லை. கஞ்சி மாவைத் தின்னத்தான் ராமபாணப் பூச்சி வரும், வந்தால் துணியையும் சேர்த்துத் தின்னும். பூச்சியை அவர் இப்படித் தடுப்பதால் உருண்டைக்கு வேலையில்லை.

கடைசியில் இரண்டு சேலைகள் நின்றன. ஒன்று வீரவநல்லூரில் எடுத்த நீலக்கட்டம், அவரே பல வருடம் உடுத்தியது. மற்றொன்று அதைவிடப் பழசு, நைந்து பூப்போல் ஆகியிருந்தது. பழசு மெத்தென்று இருக்கும், ஆனால் தொங்கவிட்டால் தாங்காது. மிருதுவைக் கொடுத்த அதே தேய்மானம்தான் வலுவையும் எடுத்துக்கொள்கிறது. பழைய துணியில் தொட்டில் கட்டுகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்.

ஆச்சி நீலக்கட்டத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, கையை உள்ளே விட்டு நகர்த்திக்கொண்டே போனார். உட்கார்ந்து எழுந்து தேயும் பின்பக்கம், குதிகாலில் உரசும் கீழ்க்கரை, வருடக்கணக்கில் ஒரே இடத்தில் விழுந்த மடிப்புக்கோடு, இந்த மூன்றிலும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். விரல்களின் உருவம் தெளிவாகத் தெரியுமளவு சன்னமாக எங்கும் இல்லை. பிறகு நாலு விரற்கடை இடைவெளியில் இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தார், நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை. காதைக் கிட்டே வைத்துக்கொண்டார். நூல் விட்டுக்கொடுத்தால் 'சர்' என்று மெல்லிய சத்தம் வருமாம். நீலக்கட்டத்தில் வரவில்லை. நைந்த சேலையில் முதல் இழுப்பிலேயே வந்தது.

"இது தூக்க, அது தொட" என்றார். நீலக்கட்டம் தொட்டில். நைந்த சேலையை நறுக்கி, தொட்டிலுக்குள் விரிக்கவும் துடைக்கவும் துண்டுகள். விளிம்பில் தொங்கிய நூலையெல்லாம் கத்தரித்துவிட்டார். தளர்ந்த நூல் குழந்தையின் கால் விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும்.

இரண்டையும் ராத்திரி முழுக்க வெந்நீரில் ஊறவைத்து, வாசனைப் பவுடர் எதுவும் போடாமல் சாதா சோப்பில் துவைத்து, தண்ணீர் கலங்காமலும் கையில் வழவழக்காமலும் வரும்வரை அலசினார். கஞ்சி மிச்சம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் மருந்து வைத்துப் பார்க்கலாம். கருநீலமாக மாறினால் மாவு இன்னும் இருக்கிறது. அந்த ஓரத்தை அப்புறம் வெட்டிவிட வேண்டும். சுள்ளென்ற வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்தபின்தான் உள்ளே எடுத்தார்.

கட்டுவதும் சோதனையோடுதான். சேலையை அகலவாக்கில் இரண்டாக மடித்து இரட்டையாக்கி, உத்தரத்து வளையத்தில் கோத்து முடிச்சிட்டார். குழந்தை இருந்தது மூன்று கிலோதான். ஒரு வருடத்தில் அது மூன்று மடங்காகும் என்பதால், பத்துக் கிலோ அரிசிப் பையைப் போட்டு நன்றாக ஆட்டி, அரை நாள் அப்படியே தொங்கவிட்டார். முடிச்சு இறுகியது, நழுவவில்லை. வாய் விரிந்திருக்கத் தொட்டில் கம்பைக் குறுக்கே கொடுத்தார். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குமேல் ஏற்றவில்லை.

கம்பு இல்லாவிட்டால் துணி இரண்டு பக்கமும் வந்து மூடும், குழந்தை குறுகிக் கிடக்கும். அப்படிக் கிடந்தால் தாடை நெஞ்சில் முட்டி மூச்சுக்குழாய் மடங்கும். கழுத்து நிற்காத குழந்தையால் தானாகத் தலையை நிமிர்த்த முடியாது. அதனால்தான் உறங்க வைக்கச் சமதளமான, அழுத்தமான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். துணித் தொட்டில் எவ்வளவு நல்ல துணியில் கட்டினாலும் இந்தக் குறை அதற்கு உண்டு. ஆச்சி தொட்டிலை அழுகையை அமர்த்த மட்டும் வைத்துக்கொண்டார். கண் சொருகியதும் தூக்கிப் பாயில் போட்டார். ராத்திரி தொட்டில் கிடையாது. பெரிய பிள்ளைகள் சேலைத் தொட்டிலில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த சம்பவங்கள் நம் ஊர்களில் நடந்திருக்கின்றன. ஆகவே குழந்தை இல்லாத நேரத்தில் சேலையை மேலே சுருட்டி எட்டாத உயரத்தில் கட்டிவிடுவார்.

வாரம் ஒருமுறை அவிழ்த்துத் துவைக்கும்போது மறுபடி அதே ஜன்னல், அதே இழுப்பு. முடிச்சு விழுந்த இடத்தில்தான் துணி முதலில் தேயும் என்பதால், ஒவ்வொரு வாரமும் ஒரு சாண் தள்ளி முடிச்சிடுவார். குழந்தை குப்புற விழத் தொடங்கியதும் தொட்டிலைக் கழற்றிவிட்டு, நீலக்கட்டத்தையும் துண்டுகளாக நறுக்கிவிடப் போவதாக மகளிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த பேத்திக்கு என்று எடுத்து வைக்கலாமே என்று மகள் கேட்டாள். "அதுக்குள்ள இது நைஞ்சிரும்ளா. நீ வாங்கின புதுச்சேலய இப்பவே உடுத்தத் தொடங்கு. அடுத்த பிள்ளைக்கு அது சரியா இருக்கும்" என்றார் ஆச்சி.