பொட்டாசியத்தைக் குறைக்காத ஊசி ஏன் முதலில்?

தேர்வில் வந்த கேள்வி இது. டயாலிசிஸை இரண்டு முறை தவறவிட்ட சிறுநீரக நோயாளி ஒருவர், கைகால் ஓய்ந்துபோய் அவசரப் பிரிவுக்கு வருகிறார். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 7.4 மில்லிமோல், இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை. இ.சி.ஜி.யில் டி அலை கூர்மையாக எழுந்து நிற்கிறது, பி அலையைக் காணோம், கியூ.ஆர்.எஸ். அகன்றிருக்கிறது. முதலில் கொடுக்க வேண்டிய மருந்து எது?

விடைக்குறிப்பு கால்சியம் குளுக்கோனேட் என்றது. இன்சுலினும் குளுக்கோஸும் என்று எழுதியிருந்த மாணவிக்கு அது ஒப்பவில்லை. “கால்சியம் போட்டால் பொட்டாசியம் துளிகூடக் குறையாதே, சார். குறைக்கிற மருந்துதானே முதல் மருந்து?”

கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது என்பது உண்மைதான் என்றே ஆசிரியரும் தொடங்கினார். ஆனால் இந்த நோயாளியை அடுத்த சில நிமிடங்களில் கொல்லக்கூடியது எது என்று கேட்டார். இதயம் நின்றுபோவதுதான்.

ரத்தத்தில் பொட்டாசியம் கூடும்போது இதயத் தசைச் செல்களின் சுவரில் இருக்கும் மின்னழுத்த வேறுபாடு குறைகிறது. சோடியம் உள்ளே பாயும் வழிகள் பல செயலிழந்து போகின்றன. மின்துடிப்பு மெதுவாகப் பரவுவதால்தான் கியூ.ஆர்.எஸ். அகல்கிறது. கால்சியம் இதயத்தின் இந்தத் தடுமாற்றத்தைத் தற்காலிகமாகச் சரிசெய்கிறது. 10 சதவீதக் கரைசலைச் சிரை வழியே மெதுவாகச் செலுத்தினால் ஒன்று முதல் மூன்று நிமிடங்களில் பலன் தெரியும், அகன்ற கியூ.ஆர்.எஸ். குறுகுவதைத் திரையிலேயே பார்க்கலாம். மாற்றம் இல்லையென்றால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கொடுப்பார்கள். இந்தப் பாதுகாப்பு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரைதான் நீடிக்கும்.

மாணவி சொன்ன இன்சுலினுக்கான இடம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அது பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளுகிறது. ஆனால் வேலையைத் தொடங்கவே கால் மணி நேரமாவது ஆகும், அதுவரை இந்த இதயம் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே கால்சியம் போட்ட கையோடு 10 யூனிட் இன்சுலின், 25 கிராம் குளுக்கோஸ். சிறுநீரகம் கெட்டவர்களின் உடலில் இன்சுலின் நெடுநேரம் தங்கும் என்பதால் சர்க்கரை தாழாமல் பல மணி நேரம் கவனிக்க வேண்டும்.

இன்சுலினும் பொட்டாசியத்தை உடலைவிட்டு வெளியேற்றுவதில்லை, இடம் மாற்றுகிறது, அவ்வளவே. சில மணி நேரத்தில் அது ரத்தத்துக்குத் திரும்பிவிடும். இவருக்கு அதை வெளியேற்றப்போவது டயாலிசிஸ்தான். “குறைக்கிற மருந்தே முதலில்” என்ற வாதத்தை அப்படியே பிடித்துக்கொண்டால் அவர் டயாலிசிஸ் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்!

மாணவியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கேள்வியில் இ.சி.ஜி. இயல்பாக இருந்திருந்தால் இவ்வளவு உறுதியாகக் கால்சியம் என்று சொல்லியிருக்க முடியாது. அந்த நிலையில் அதைப் போடுவதா என்பதில் சிகிச்சை நெறிமுறைகளே வேறுபடுகின்றன. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலும் அளவு பொய்யாக ஏறும் என்பதால், மறுபரிசோதனையும் தேவைப்பட்டிருக்கும். இங்கே அகன்ற கியூ.ஆர்.எஸ். இருப்பதால் அந்த மறுமுடிவுக்காகக் காத்திருக்க நேரமில்லை, விடைக்குறிப்பு மாறவில்லை.