ஊற்றுவதற்கு முன் ஒரு கேள்வி

முதல் காரை வாங்கிய நாலாம் நாளே என் தங்கை மகளுக்குத் தூக்கம் போய்விட்டது. ஏழு வருடம் ஓடிய பெட்ரோல் கார். பழைய கார் விற்கும் நிலையம் ஒன்றில் வாங்கியது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆறு மாத வாரண்டி உண்டு. சாவியைக் கொடுக்கும்போது அங்கிருந்த ஒருவர், "கூலன்ட் கொஞ்சம் குறைவா இருந்துச்சு மேடம், டாப் அப் பண்ணிட்டோம்" என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வரிதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அடுத்த வார இறுதியில் வேறு கொல்லிமலைக்குப் போவதாகத் தோழிகளிடம் சொல்லிவிட்டாள். திருச்சி பாலக்கரையில் எனக்குப் பல வருடமாகத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காலை எட்டு மணிக்கு அழைத்துப் போனேன். முந்தின இரவிலிருந்து வண்டியை ஓட்ட வேண்டாம், பட்டறை பக்கத்தில்தானே, மெதுவாக வந்தால் போதும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

அவள் கையில் ஒரு தாள். எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், ஸ்டீயரிங் ஆயில், பேட்டரி தண்ணீர், வைப்பர் தண்ணீர் என்று ஏழு பெயர்கள்.

"அண்ணா, இதெல்லாம் தினமும் பாக்கணுமா?"

அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நாலு பெயரை அடித்தார். "உன் வண்டிக்கு ஸ்டீயரிங் கரன்ட்ல வேலை செய்யுதும்மா, அதுல ஆயிலே கிடையாது. பேட்டரி சீல் வச்சது, தண்ணி ஊத்துற மூடியே இல்ல. கியர் ஆயில வண்டிய லிஃப்ட்ல ஏத்தித்தான் பாக்க முடியும், அது சர்வீஸ்ல எங்க வேலை. வைப்பர் தண்ணி தீந்தா உனக்கே தெரியும். மிச்சம் மூணு. அந்த மூணையும் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ காலைல பாரு, போதும்."

பானெட்டைத் திறந்தார். முதலில் ஆயில் கம்பியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி எடுத்தார். முதல் தடவை எடுக்கும்போது கம்பி முழுக்க ஆயில் அப்பியிருக்கும், அதை நம்பக் கூடாது. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். ஓடிவந்த வண்டியாக இருந்தால் அணைத்துப் பத்து நிமிடமாவது விட வேண்டும், மேலே போன ஆயில் கீழே வடிவதற்கு. கம்பியில் இரண்டு குறிகள். பெரும்பாலான சிறிய கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர்.

"கறுப்பா இருக்கேண்ணா!"

"ஆயில் கறுப்பாகிறது அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். கறுப்பப் பாத்துப் பயப்படாத. பால் ஊத்துன காபி மாதிரி இருந்தாத்தான் பயப்படணும், உள்ள தண்ணி கலந்திருக்கு. எஞ்சின் ஆயில் ஓட ஓடக் கொஞ்சம் எரியும். ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் இறங்கினா ஊத்திக்கலாம், ஆனா மேல்குறியத் தாண்டி ஊத்திடாத. உள்ள சுத்துற கிராங்க் அந்த ஆயில அடிச்சு நுரையாக்கிடும், நுரை எஞ்சின காப்பாத்தாது."

இதுவரை அவர் சொன்னது எந்த ஓட்டுநரும் சொல்லக்கூடியது. அடுத்து அவர் சொன்னதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"எஞ்சின் ஆயில் செலவாகிற பொருள். கூலன்ட் அப்படி இல்லம்மா. அது மூடின குழாய்க்குள்ள சுத்திச் சுத்தி வருது. வருஷக்கணக்குல ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு ஆவியாப் போகலாம். அதுக்கு மேல குறைஞ்சா எங்கயோ போகுதுன்னு அர்த்தம். 'குறைஞ்சுது, ஊத்திட்டோம்'னு ஒருத்தர் சொன்னா, ஊத்துனது சரி, போனது எங்கன்னு கேக்கணும்."

போகிற வழிகள் சில உண்டு. ஹோஸ் குழாயின் கிளிப் தளர்ந்து கசியலாம். வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சிறு துளை வழியாகச் சொட்டலாம். இவை வெளியே தெரியும். காய்ந்த இடத்தில் கூலன்டின் நிறத்திலேயே உப்புப் பூத்தது போல ஒரு பொருக்கு இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் ஆபத்து. ஹெட் கேஸ்கெட் பழுதானால் கூலன்ட் சிலிண்டருக்குள் போய் வெள்ளைப் புகையாக வெளியேறும், அல்லது ஆயிலில் கலக்கும். அதற்குப் பிறகும் ஓட்டினால் சூட்டில் சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடும்.

அவர் தன்னிடம் வந்த ஒரு வண்டியைச் சொன்னார். அதன் உரிமையாளரும் பழைய கார் வாங்கியவர், அவருக்கும் வாரண்டி இருந்தது. கூலன்ட் குறைகிறது என்று விற்ற இடத்துக்கு மூன்று முறை போயிருக்கிறார். மூன்று முறையும் இலவசமாக ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். இலவசம் என்பதால் பில்லும் இல்லை, ஜாப் கார்டும் இல்லை. நாலாம் மாதம் நெடுஞ்சாலையில் எஞ்சின் சூடேறி நின்றது. தொட்டி அறவே காலியாகிவிட்டால் சூட்டை அளக்கும் சென்ஸாரைச் சுற்றித் திரவம் இருக்காது. அதனால் முள் ஏறாமலேகூட நிற்கலாம். அவருக்கும் முள் கடைசி வரை நடுவில்தான் இருந்திருக்கிறது. வாரண்டி கேட்டபோது, 'கூலன்டைக் கவனிக்காதது உரிமையாளரின் அலட்சியம்' என்று மறுத்துவிட்டார்கள். மூன்று முறை புகார் சொன்னதைக் காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

"இலவசமா செஞ்சாலும் ஜாப் கார்டு கேளும்மா. தேதி, கிலோமீட்டர், 'கூலன்ட் குறைவதாகப் புகார்'. இந்த மூணும் அதுல இருக்கணும்."

சட்டமும் மெக்கானிக் சொன்னதன் பக்கம்தான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பழுதை மறைத்து விற்பதும், கேட்ட வேலையைச் சரிவரச் செய்யாமல் விடுவதும் புகாருக்கு உரியவை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். கார் வாங்கிய ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தரலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. ஆனால் இதற்கு ஓர் எல்லை இருக்கிறது. தெரிந்தவரோ பக்கத்து வீட்டுக்காரரோ தன் சொந்தக் காரை விற்றால், அவர் தொழிலாக விற்பவர் அல்லர். அவர்மேல் இந்த வழியில் போவது கடினம். அந்த மாதிரி வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போவதுதான் பாதுகாப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஞ்சின் பழுதாகி வழக்கு வரும் என்று தோன்றினால், அவசரப்பட்டுப் பிரித்துவிடாதீர்கள். தேவைப்பட்டால் பழுதைப் பரிசோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பிரித்து மாட்டிய பிறகு பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது. விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்து, படம் எடுத்து, வேறொரு மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிய பிறகு கை வைப்பது நல்லது.

மெக்கானிக் ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்து, கூலன்ட் தொட்டியில் அப்போதிருந்த மட்டத்தில் கோடு போட்டார். "ஓடின பிறகு சூட்டுல விரிஞ்சு மேல தெரியும், அத நம்பாத. குறையுதான்னு தெரியுற வரைக்கும் கூலன்ட மட்டும் தினமும் காலைல, ஆறின எஞ்சின்ல பாரு. கோட்டையும் கிலோமீட்டரையும் போன்ல படம் எடு. ஒண்ணு மட்டும் மறந்துடாத. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியத் தொடவே கூடாது. உள்ள அழுத்தத்துல நிக்குது, திறந்த அந்த நொடியே கொதிச்சு முகத்துல அடிக்கும்."

வழியில் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டாள். ஆபத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம் என்றார். போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களில் படிந்து அடைத்துவிடும். கூலன்டைச் சிந்தினால் உடனே கழுவ வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். அது இனிப்பாக இருக்கும், விஷம். குழந்தைகளும் தெருநாய்களும் நக்கிவிடக் கூடாது.

மூன்றாவது பிரேக் ஆயில். அதன் மூடியை அவர் திறக்கவே இல்லை. வெளியிலிருந்தே மட்டம் தெரியும். திறந்தால் காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும்.

"மட்டம் கீழ இருக்கேண்ணா. ஊத்திடலாமா?"

"இங்கயும் அதே கேள்விதான். பிரேக் பேட் தேயத் தேய, அந்த இடத்த நிரப்ப ஆயில் கீழ இறங்கும். மெதுவா மாசக்கணக்குல இறங்கினா பேட் தேஞ்சிருக்கு. நீ மேல ஊத்தி வச்சா அந்த அடையாளம் மறைஞ்சு போயிடும். ஒரே வாரத்துல இறங்கினா கசிவு, வண்டிய எடுக்கவே கூடாது."

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். முன் பேட் இரண்டும் தேய்ந்திருந்தன. ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்பதற்கும் பதிவில்லை. பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், அதற்குக் காரணம் இந்த ஈரம்தான். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு வந்துவிடுகிறது. ஊருக்குள் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், சூட்டில் ஆயில் கொதித்துக் குமிழி விடும். குமிழி அழுந்தும், ஆயில் அழுந்தாது. பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, எஞ்சினே பிடித்துக்கொள்ளும் என்றார். அன்றைக்கே பேடையும் பிரேக் ஆயிலையும் மாற்றினார், பழைய பேடுகளைத் துணியில் சுற்றி அவளிடமே கொடுத்தார்.

நாலு நாள் கழித்து அவள் படங்களோடு வந்தாள். கூலன்ட் கோட்டுக்கு ஒரு விரல் கீழே. ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் வாயில் கைப்பம்ப்பை மாட்டி, மூடியில் போட்டிருந்த அழுத்தம் வரை அடித்தார் மெக்கானிக். முள் நிற்காமல் மெல்ல இறங்கியது. டார்ச் அடித்துத் தேடியதில், ஹீட்டருக்குப் போகும் ஹோஸின் கிளிப்புக்கு அடியில் இளஞ்சிவப்புப் பொருக்கு. ஆயில் கம்பி சுத்தமாக இருந்தது, புகையும் இல்லை. ஹெட் கேஸ்கெட் தப்பித்தது.

"நானே மாத்திடுவேன், சின்ன வேலை. ஆனா வாரண்டி அவங்களோடது. அங்கயே போய் மாத்து."

விற்ற இடத்தில், "இதுக்கெல்லாம் ஜாப் கார்டு எதுக்கு மேடம், ஃப்ரீயாவே பண்ணித் தர்றோம்" என்றார்களாம். அவள் நாலு நாள் படங்களையும் காட்டி, எழுதித் தரும் வரை காத்திருந்திருக்கிறாள். மாலையில் அந்தத் தாளை எனக்கு அனுப்பினாள். தேதி, கிலோமீட்டர், 'கூலன்ட் குறைவதாகப் புகார், ஹீட்டர் ஹோஸும் கிளிப்பும் மாற்றப்பட்டன' என்று இருந்தது. தொட்டியில் புதிதாக ஒரு கோடு போட்டிருக்கிறாள். ஐந்து காலை பார்த்த பிறகுதான் கொல்லிமலைக்குக் கிளம்பினாள். ஐந்தாம் நாள் படத்திலும் கூலன்ட் அந்தக் கோட்டிலேயே நின்றது.