பாகை, நிமிடம், விநாடி: ஏரிப் பட்டியலில் இடக்குறிப்பைத் தசமமாக்கும் முறை

பெங்களூரு நகரின் ஏரிகளைப் பட்டியலிட முற்படும் எவரும் முதலில் நாடுவது இந்திய நில அளவைத் துறையின் படத்தாள்களையே. நகரின் பெரும்பகுதி இரு தாள்களில் அடங்குகிறது. 13 பாகை அட்சரேகைக்குத் தெற்கே உள்ள பகுதி 57 எச்/9 என்ற தாளிலும், வடக்கே உள்ள பகுதி 57 ஜி/12 என்ற தாளிலும் காணப்படும். இத்தாள்களின் ஓரங்களில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பாகை, நிமிடம், விநாடி என்ற பழைய முறையில் அச்சிடப்பட்டிருக்கின்றன. நம் முன்னோர் இவற்றையே பாகை, கலை, விகலை என்றனர். இன்றைய கணினி வரைபடங்களோ பெரும்பாலும் தசமப் பாகையையே எதிர்பார்க்கின்றன. ஆகவே பட்டியலிலுள்ள ஒரு பத்தி முழுவதையும் ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வேண்டிய தேவை எழுகிறது.

கணக்கு எளிது. ஒரு பாகை 60 நிமிடம். ஒரு நிமிடம் 60 விநாடி. எனவே நிமிடத்தை 60 ஆலும் விநாடியை 3600 ஆலும் வகுத்துப் பாகையுடன் கூட்டினால் போதும். அல்சூர் ஏரியின் நடுப்பகுதியை ஏறத்தாழ 12°58'55" வடக்கு, 77°37'10" கிழக்கு எனக் கொள்வோம். 58ஐ 60 ஆல் வகுக்க 0.966667, 55ஐ 3600 ஆல் வகுக்க 0.015278. இவற்றை 12 உடன் கூட்ட 12.981944 கிடைக்கிறது. அவ்வாறே தீர்க்கரேகை 77.619444 ஆகும். ஐந்து தசம இடங்களே நமக்குப் போதும். ஐந்தாவது இடத்தில் ஓர் இலக்கம் மாறினால் தரையில் ஒரு மீட்டர் அளவே மாறும்.

ஒரு விநாடி என்பது எவ்வளவு தூரம்? பெங்களூருவில் அது ஏறத்தாழ 30 மீட்டர். இவ்வளவு சிறிய தூரத்திற்கு ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். 2007இல் ஒப்புதல் பெற்ற நகரப் பெருந்திட்டம் ஏரியைச் சுற்றிக் கட்டடம் எழுப்பக் கூடாத பகுதியாக ஒதுக்கியதும் அதே 30 மீட்டரைத்தான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் இதனை 75 மீட்டராக உயர்த்தியது. உச்ச நீதிமன்றம் 2019இல் அந்த உயர்வை நீக்கியது. ஒரு விநாடி பிசகினால், வீட்டு மனை ஒன்று எல்லையின் இப்பக்கமா அப்பக்கமா என்ற கேள்விக்கே பட்டியல் தவறான விடை தந்துவிடக்கூடும்.

ஆயினும் நடைமுறையில் நேரும் பிழைகள் இதனினும் பெரியவை. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது, வகுக்காமலேயே புள்ளி வைத்துவிடுவது. 12°58'55" என்பது 12.5855 என்றும், 77°37'10" என்பது 77.3710 என்றும் பதிவாகிவிடும். அவ்வாறு பதிவான அல்சூர் ஏரி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தென்மேற்கே நகர்ந்து கனகபுராவுக்கு அருகே போய்விடும்!

இப்பிழையைக் கண்டுபிடிக்கப் படத்தாளின் எல்லைகளே உதவுகின்றன. மேற்சொன்ன இரு தாள்களிலும் தீர்க்கரேகை 77°30' முதல் 77°45' வரை, அதாவது தசமத்தில் 77.50 முதல் 77.75 வரை அமையும். வகுக்காமல் எழுதியவையோ 77.30 முதல் 77.45 வரை மட்டுமே நிற்கும். இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆனால் அட்சரேகையை மட்டும் நம்புதல் கூடாது. 1882ஆம் ஆண்டளவில் அமைக்கப்பட்ட சாங்கி ஏரியை எடுத்துக்கொள்வோம். அதன் அட்சரேகை 13°00'36" எனில் சரியான தசமம் 13.01, பிழையாக எழுதினால் 13.0036. வேறுபாடு 700 மீட்டர் அளவே. அந்தப் புள்ளி நகருக்குள்ளேயே விழுவதால் பார்ப்பவர் கண்ணுக்கு ஐயம் எழாது. தீர்க்கரேகையையும் சேர்த்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். வேறு ஊர்களின் பட்டியலுக்கு இந்த எல்லைகள் பொருந்தா; அங்கே மற்றோர் அடையாளத்தைத் தேடலாம். நிமிடம் 59ஐத் தாண்டாது. எனவே நீண்ட பத்தி ஒன்றில் புள்ளிக்குப் பின் .60 முதல் .99 வரை ஒரு மதிப்புகூட இல்லையெனில், அது வகுக்கப்படாத பத்தி என்றே சந்தேகிக்க வேண்டும்.

இனிக் கணினி விரிதாளில் செய்யும் முறையைக் காண்போம். புதிதாகப் பதிவு செய்வோர் பாகை, நிமிடம், விநாடி மூன்றையும் A, B, C என மூன்று தனிப் பத்திகளில் எழுதுவதே நன்று. நான்காவது பத்தியில் கீழ்க்காணும் வாய்பாட்டை இட்டுக் கடைசி வரிசை வரை இழுத்துவிடலாம்.

```
=A2+B2/60+C2/3600
```

ஐந்தாவது பத்தியில் ஒரு சோதனையையும் வைக்கலாம்.

```
=AND(B2<60, C2<60)
```

FALSE என வரும் வரிசையில் 60ஐத் தொட்ட அல்லது தாண்டிய எண் இருக்கிறது. மூலப் படத்துடன் அதை ஒப்பிட வேண்டும்.

ஏற்கனவே ஒரே கட்டத்தில் 12°58'55"N என்று எழுதப்பட்ட பட்டியல் கிடைத்தால் என் செய்வது? இங்கே கடிகாரம் துணைக்கு வருகிறது. மணியும் அறுபது அறுபதாகவே பிரிகிறது. அறுபது விநாழிகை ஒரு நாழிகை எனக் கணித்த நமக்கு இது புதிதன்று. பத்தியின் நகல் ஒன்றை எடுத்து, அதில் பாகைக் குறியையும் நிமிடக் குறியையும் முக்காற்புள்ளியாக மாற்றி, விநாடிக் குறியையும் N என்ற எழுத்தையும் நீக்கினால் 12:58:55 என நிற்கும். எக்செல் இதனை நேரமாகக் கொண்டு, ஒரு நாளின் பின்னமாகச் சேமிக்கும். அதனை 24 ஆல் பெருக்கினால் தசமப் பாகை கிடைத்துவிடும்.

```
=A2*24
```

77:37:10 போல 24ஐத் தாண்டிய மணியையும் அது ஏற்றுக்கொள்ளும். விடைக் கட்டமும் நேரமாகவே காட்சியளித்தால் அதன் வடிவத்தை எண் என மாற்ற வேண்டும். கணக்கு சரியாக இருந்தும், இந்த ஒரு காரணத்தால் முறையே தவறு எனக் கைவிட்டவர் பலர்.

இம்முறையின் பலவீனம், விடுபட்ட பூச்சியத்தில் இருக்கிறது. சாங்கி ஏரியை 13°36" என்று சுருக்கி எழுதியிருந்தால், மாற்றிய பின் 13:36 ஆகிவிடும். எக்செல் அதனை 13 மணி 36 நிமிடம் என்று படிக்கும், விடை 13.6. ஏரி 65 கிலோமீட்டர் வடக்கே கௌரிபிதனூர் வட்டாரத்திற்குச் சென்றுவிடும். நிமிடம் இல்லாத இடத்தில் 00 என்று எழுதும் வழக்கத்தைக் களப்பணியாளர் கைக்கொள்வது அவசியம். ஜி.பி.எஸ். கருவிகளில் வரும் 12°58.55' என்ற வடிவத்தையும் தனியே பிரித்து வைத்தல் வேண்டும். அங்கே .55 என்பது நிமிடத்தின் பின்னம். 33 விநாடிக்குச் சமம். அதனை 55 விநாடி எனக் கொண்டால் 22 விநாடி, அதாவது ஏறத்தாழ 680 மீட்டர் பிசகும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பின்னும், பழைய படத்தாளிலிருந்து எடுத்த ஏரிகள் ஜி.பி.எஸ். கருவி காட்டும் இடத்திலிருந்து நூறு மீட்டர் அளவுக்கு ஒரே திசையில் விலகி நிற்கக்கூடும். இதில் வகுத்தலின் குற்றம் ஏதுமில்லை. பழைய தாள்கள் எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்டவை, ஜி.பி.எஸ். கருவியும், 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுப் பயன்பாட்டுத் தாள்களும் உலகப் பொது அளவான WGS84ஐக் கொண்டவை. இவ்விரண்டுக்கும் இடையிலான மாற்றத்தை 60 ஆல் வகுத்துப் பெற இயலாது. வரைபட மென்பொருளில் தனியே செய்ய வேண்டும். அதற்கு அந்த எண் எந்தத் தாளிலிருந்து, அல்லது எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆதலால் தசமப் பத்திக்கு அடுத்தாற்போல் மூலத்தைக் குறிக்க ஒரு பத்தியும், எழுதியவாறே விடப்பட்ட பழைய பாகை நிமிடப் பத்தியும் பட்டியலில் நீடித்திருக்க வேண்டும்.